வீதமா, தொகையா: பிரிவு மேலாளரை அளந்த இரு அளவுகோல்கள்

1910-களில் அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனத்தில் டொனால்ட்சன் பிரவுன், விற்பனை இலாப வீதத்தை மூலதனச் சுழற்சியால் பெருக்கி, முதலீட்டின் மீதான வருவாய் வீதத்தைக் கணிக்கும் முறையை வகுத்தார். 1921-இல் அவர் ஜெனரல் மோட்டார்ஸில் சேர்ந்தபோது அம்முறையும் உடன் சென்றது. தொடக்கத்தில் அது, மூலதனத்தை எத்தொழிலில் இடுவது எனத் தலைமை தீர்மானிப்பதற்கான கருவியாகவே இருந்தது. பிரிவு மேலாளரின் மதிப்பெண்ணாக மாறிய பின்னரே அதன் குறை வெளிப்பட்டது.

1 கோடி டாலர் முதலீட்டில் 25 இலட்சம் ஈட்டும் பிரிவொன்றைக் கொள்வோம், வீதம் 25%. நிறுவனத்தின் மூலதனச் செலவு 12%. இந்நிலையில் 20 இலட்சம் கோரி, 18% வருவாய் தரும் புதிய திட்டம் வருகிறது. நிறுவனத்திற்கு அது ஆதாயமே. ஆயினும் அதை ஏற்றால் பிரிவின் வீதம் 23.8% ஆகக் குறையும். எனவே மேலாளர் மறுப்பார். அவரைக் குறைகூற இயலாது. அளவுகோல் கேட்டதையே அவர் செய்கிறார்.

1950-களில் ஜெனரல் எலக்ட்ரிக் கையாண்ட எஞ்சிய வருமானம், இலாபத்திலிருந்து மூலதனச் செலவைக் கழித்து வரும் தொகை. மேற்கண்ட பிரிவில் அது 13 இலட்சம். திட்டத்தை ஏற்றால் 14.2 இலட்சமாக உயரும். மேலாளரின் நலனும் நிறுவனத்தின் நலனும் இங்கே ஒன்றுபடுகின்றன. 1965-இல் டேவிட் சாலமன்ஸ் தம் நூலில் இதையே பரிந்துரைத்தார்.

எனினும் தொகை என்பதால் பெரிய பிரிவு இயல்பாகவே முந்தும். சிறிய பிரிவுடன் நேராக ஒப்பிடுதல் தகாது. தேய்மானம் கழித்த ஏட்டு மதிப்பையே முதலீடாகக் கொள்ளும்வரை, பழைய இயந்திரங்களை மாற்றாத மேலாளர் இரண்டிலும் திறமையாளராகவே தோன்றுவார்.