கிளவுட்டில் இருக்கிறது என்று நம்பிய சேவ் எங்கே போனது?

வெள்ளிக்கிழமை இரவு யாழ்ப்பாணத்தில் விடுதி அறையில் இருந்து விளையாடிய கேமை, சனிக்கிழமை கிளிநொச்சி வீட்டில் திறந்தால் பழைய இடத்திலேயே நிற்கிறது. முதல் நாள் நட்ட பயிரைக் காணவில்லை. 'கிளவுட் சேவ் இருக்கிறதுதானே, பிறகு எப்படி?' என்ற கேள்வி அப்போதுதான் வருகிறது.

பாடசாலைப் புத்தகத்தில் முகிற் கணிமை என்று படித்ததை வைத்து, நமது விளையாட்டு எங்கோ வானத்தில் இருப்பதாகவும் எல்லாக் கணினிகளும் அதையே நேரடியாகத் திறப்பதாகவும் பலர் நினைக்கிறார்கள். உண்மை அப்படி இல்லை. விளையாட்டு எழுதும் கோப்பு உங்கள் கணினியில்தான் இருக்கிறது. கிளவுட் சேவ் என்பது அந்தக் கோப்பைப் பிரதி எடுத்து அனுப்பும் ஒரு தபாற்காரர் மட்டுமே. அவர் பொதுவாக இரண்டு முறைதான் வருவார். கேமைத் தொடங்கும்போது சேர்வரில் இருப்பதைக் கொண்டுவருவார். கேமை மூடிய பின் உங்களிடம் இருப்பதை எடுத்துச் செல்வார். இந்த இரண்டு வரவில் ஒன்று தவறினாலும் சிக்கல் தொடங்கிவிடும்.

இதை ஒரு விளையாட்டை வைத்துப் பார்ப்போம். எரிக் பரோன் என்ற ஒருவர் தனியாக உருவாக்கி, 2016இல் வெளிவந்த ஸ்டார்டியூ வேலி, தோட்டம் செய்யும் விளையாட்டு. ஸ்டீம் தளத்தில் வாங்கியிருந்தால், விண்டோஸ் கணினியில் அதன் சேவ் இந்த இடத்தில் இருக்கும்:

```
%AppData%\StardewValley\Saves
```

அதற்குள் ஒவ்வொரு தோட்டத்துக்கும் ஒரு கோப்புறை இருக்கும். விளையாட்டில் நாள் முடிந்து உங்கள் பாத்திரம் படுக்கைக்குப் போகும்போதுதான் முழுத் தோட்டமும், ஒவ்வொரு செடியும் ஒவ்வொரு பெட்டியும் உட்பட, ஒரே பெரிய கோப்பாக எழுதப்படுகிறது. ஆகவே நடுப்பகலில் மின்சாரம் போனால் அந்த ஒரு நாள் மட்டும் இழப்பு. முந்தைய இரவு வரையான சேவ் கணினியில் பத்திரமாக இருக்கும். ஆனால் அது சேர்வருக்குப் போயிருக்காது. விளையாட்டை முறையாக மூடவில்லை என்பதால் தபாற்காரர் வரவில்லை. கேமை மூடாமல் மடிக்கணினியின் மூடியை மட்டும் சாத்தினாலும் இதே நிலை ஏற்படலாம்.

இனி அந்த வெள்ளிக்கிழமைக்கு வருவோம். வியாழன் இரவு சேர்வரில் இருந்த பிரதி வசந்தம் 10ஆம் நாளில் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். மடிக்கணினியிலும் அதுவே இருக்கிறது. வெள்ளி இரவு டேட்டா முடிந்துவிட்டது. மாணவர் இணையம் இல்லாமலே ஆஃப்லைனில் விளையாடி 22ஆம் நாள் வரை போகிறார். விளையாட்டின் ஒரு நாள் அதிகபட்சம் ஏறத்தாழ 14 நிமிடம். 12 நாட்கள் என்றால் கிட்டத்தட்ட 3 மணி நேரம். இவ்வளவும் மடிக்கணினியில் மட்டுமே இருக்கிறது. அதை விடுதியில் வைத்துவிட்டு ஊருக்குப் போகிறார்.

சனிக்கிழமை வீட்டு மேசைக்கணினியில் இணையம் இருக்கிறது. ஸ்டீம் சேர்வரைக் கேட்கிறது. சேர்வரிடம் 10ஆம் நாள்தான் இருக்கிறது, அதையே தருகிறது. இதில் சேர்வர் மீது பிழை இல்லை. ஆஃப்லைனில் நடந்தது அதற்குத் தெரியவே தெரியாது. மாணவர் சலிப்போடு 13ஆம் நாள் வரை விளையாடி மூடுகிறார். அது சேர்வருக்குப் போகிறது.

ஞாயிறு இரவு விடுதிக்குத் திரும்பி மடிக்கணினியை இணையத்தோடு திறக்கிறார். இப்போது ஸ்டீம் ஒரு முரண்பாட்டைக் காண்கிறது. கடைசியாக இரண்டு பக்கமும் ஒத்துப்போனது 10ஆம் நாளில். அதன்பின் இரண்டு பக்கமும் தனித்தனியே மாறியிருக்கின்றன. இந்தக் கணினியில் உள்ளதை வைத்திருக்கவா, கிளவுட்டில் உள்ளதை வைத்திருக்கவா என்று கேட்டு ஒரு பெட்டி வருகிறது. பக்கத்தில் இரண்டின் திகதியும் இருக்கும்.

பலர் ஏமாறுவது இந்த இடத்தில்தான். கிளவுட்டில் உள்ளது சனிக்கிழமைத் திகதி, கணினியில் உள்ளது வெள்ளிக்கிழமைத் திகதி. புதியதுதானே சரி என்று சனிக்கிழமையை அழுத்தினால், 22ஆம் நாள் அழிந்து 13ஆம் நாள் வந்து உட்காரும். திகதி காட்டுவது எப்போது எழுதப்பட்டது என்பதை மட்டுமே. எதில் அதிக தூரம் போனீர்கள் என்பதை அது காட்டாது.

இரண்டையும் ஏன் சேர்த்துவிட முடியாது? ஒரே நிலத்தில் ஒரு பிரதியில் கோழிக்கூடு கட்டியிருக்கிறார், மற்றதில் அதே காசில் விதை வாங்கியிருக்கிறார். எது நடந்தது என்று ஸ்டீம் முடிவு செய்ய முடியாது. அதற்கு அந்தக் கோப்பின் உள்ளே என்ன இருக்கிறது என்றே தெரியாது. அது வெறுமனே கோப்பைக் கொண்டுசெல்கிறது.

எனவே அந்தப் பெட்டி வந்தால் எதையும் தெரிவு செய்யாமல் மூடிவிடுங்கள். மேலே சொன்ன Saves கோப்புறையை முழுதாக ஒரு பென்டிரைவிலோ டெஸ்க்டொப்பிலோ பிரதி எடுங்கள். அதன்பின் எதைத் தெரிவு செய்தாலும் கணினியில் இருந்த பிரதி உங்கள் கையில் இருக்கும். கிளவுட் பிரதியையும் பார்க்க விரும்பினால், இணைய உலாவியில் ஸ்டீம் கணக்கில் நுழைந்து இந்தப் பக்கத்துக்குப் போகலாம்:

```
store.steampowered.com/account/remotestorage
```

ஒவ்வொரு விளையாட்டுக்கும் சேர்வரில் என்ன கோப்புகள் இருக்கின்றன, எப்போது எழுதப்பட்டன என்று அங்கே இருக்கும். தரவிறக்கவும் முடியும். விடுதியை விட்டுக் கிளம்புமுன் கைத்தொலைபேசியில் இதைப் பார்த்தால், சேவ் போய்ச் சேர்ந்துவிட்டதா என்று தெரிந்துவிடும்.

சில வேளைகளில் பிரதி தவறுவதில்லை, பாதையே இல்லை. ஸ்டீமில் வாங்கிய ஸ்டார்டியூ வேலியின் சேவ், அன்ட்ரொயிட் தொலைபேசியில் தனியாக வாங்கிய அதே விளையாட்டுக்குத் தானாகப் போகாது. ஸ்டீமின் தபாற்காரர் ஸ்டீமின் வீடுகளுக்கு மட்டுமே போவார். ஒரு கேம் இரண்டுக்கும் இடையில் ஒத்திசைய வேண்டுமானால், அதை உருவாக்கியவர்கள் தங்களுடைய சொந்தக் கணக்கு முறையும் சேர்வரும் வைத்திருக்க வேண்டும்.

வேண்டுமென்றே மறுக்கப்படுவதும் உண்டு. நின்டெண்டோ ஸ்விட்சில் 2018இல் கட்டணக் கிளவுட் சேவ் வந்தபோது, ஸ்பிளட்டூன் 2 அதில் சேர்க்கப்படவில்லை. போட்டியில் தோற்றவர் பழைய சேவை மீட்டு, இழந்த தரத்தைத் திரும்பப் பெறக்கூடும் என்பதே காரணம்.

இன்னொன்றையும் மறக்கக்கூடாது. கிளவுட் சேவ் ஒத்திசைக்கிறது, பாதுகாத்து வைப்பதில்லை. ஒரு கணினியில் சேவைத் தவறுதலாக அழித்தாலோ கோப்பு பழுதடைந்தாலோ, அந்த அழிவும் பழுதும் அடுத்த முறை மற்றக் கணினிக்கும் போய்ச் சேரலாம். நூறு மணி நேரம் விளையாடிய தோட்டம் என்றால், மாதத்துக்கு ஒருமுறை அந்தக் கோப்புறையைப் பென்டிரைவில் போட்டு வைப்பதற்கு இரண்டு நிமிடம் போதும்.