மிளகுக் கடைக்கு ஒரு பக்கம்

மட்டாஞ்சேரி ஜூ டவுன் தெருவில் மிளகும் ஏலமும் விற்கும் ஒரு கடையை எடுத்துக்கொள்வோம். விளம்பர நிறுவனம் தந்த 60 பக்க பிராண்ட் கையேடு அலமாரியில் இருக்கிறது. லோகோ, நிறம், எழுத்துரு எல்லாம் வடிவமைப்பாளருக்கு உரியவை. வாட்ஸ்அப்பில் பதில் எழுதும் ஊழியருக்கு ஒரு பக்கத் தாள் போதும். அதற்காக நான் எழுதிப் பார்த்த மூன்று வரிகளும் அவற்றின் உரையும் இவை.

"‘உயர்தர மிளகு’ வேண்டாம், ‘4.25 மி.மீ. சல்லடையில் தங்கும் மிளகு’ என்று எழுதுங்கள்."

‘நம்பகம், அன்பு, பாரம்பரியம்’ என்று கையேடு பல பக்கம் பேசுகிறது. இவை பண்புப் பெயர்கள். இவற்றை வைத்து யாராலும் வாக்கியம் எழுத முடியாது. மலையாளம், கொங்கணி, குஜராத்தி, தமிழ் என்று வீட்டில் வெவ்வேறு மொழி பேசும் ஊழியர்கள் ‘அன்பாக’ என்பதை ஆளுக்கொரு விதமாகப் புரிந்துகொள்வார்கள். அதனால் பண்பை விட்டுவிட்டு, தவறான வாக்கியத்தையும் சரியானதையும் அடுத்தடுத்து வைக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, ‘தலச்சேரி எக்ஸ்ட்ரா போல்ட்’ என்பது அக்மார்க் தரத்தில் மணியின் பருமனைக் குறிக்கும் பெயர். ‘இது தலச்சேரியில் விளைந்ததா?’ என்று கேட்பவருக்கு அளவைச் சொன்னால், நம்பகம் என்ற சொல்லே இல்லாமல் நம்பிக்கை வந்துவிடும்.

கையேட்டை ஒரு பக்கமாகச் சுருக்கும்போது எந்த வரியை வெட்டுவது? ஒவ்வொரு வரிக்கும் எதிரான வரியை எழுதிப் பாருங்கள். ‘நட்பாக எழுதுங்கள்’ என்பதற்கு எதிர் ‘கடுப்பாக எழுதுங்கள்’. அப்படி எந்தக் கடையும் சொல்லாது. ஆகவே அந்த வரி யாருக்கும் எதையும் சொல்லவில்லை. ‘அளவைச் சொல்லுங்கள்’ என்பதற்கு எதிராக அளவு சொல்லாமல் விற்கும் கடைகள் நிறைய உண்டு. அந்த வரி நிற்கட்டும்.

"மிளகு சளியைக் குணப்படுத்தும் என்று எழுதாதீர்கள், ரசத்துக்கு எவ்வளவு என்று எழுதுங்கள்."

இதை மட்டும் சுருக்கக் கூடாது. நோயைக் குணப்படுத்தும் என்று உணவுப் பொருளை விளம்பரம் செய்வதை 2018ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு விதிமுறைகள் தடுக்கின்றன. தடையோடு நிறுத்தினால் ஊழியர் கையைக் கட்டிவிட்டதாகும். எதை எழுதலாம் என்பதும் அதே வரியில் வேண்டும்.

"புகார் வந்தால் முதல் வரியில் என்ன செய்யப் போகிறோம் என்று சொல்லுங்கள்."

ஏலக்காய்ப் பொட்டலம் உடைந்து வந்து சேர்ந்தது என்று ஒருவர் எழுதுகிறார். கடையின் பாரம்பரியத்தைப் பேச இது நேரமில்லை. ‘நாளை வேறு பொட்டலம் அனுப்புகிறோம்’ என்பதே முதல் வரி. வருத்தம் அடுத்த வரி. கடையின் குரல் ஒன்றுதான், தொனி மட்டும் இடத்துக்கு இடம் மாறும். அந்த மாற்றத்தைக் காட்ட ஒரு புகாரும் அதற்கு ஒரு பதிலும் தாளில் கட்டாயம் இருக்க வேண்டும்.

தாள் உதவுகிறதா என்பதை அறிய, ஒரே செய்தியை இரண்டு ஊழியர்களிடம் தனித்தனியே கொடுத்துப் பதில் எழுதச் சொல்லுங்கள். பதில்கள் எங்கே வேறுபடுகின்றனவோ, அங்கே தாளின் வரி மங்கலாக இருக்கிறது. அதைத் திருத்துங்கள். புதிய விதி சேர்க்க வேண்டி வந்தால் எழுத்தைச் சிறிதாக்காதீர்கள்; பழைய விதி ஒன்றை எடுத்துவிடுங்கள்.