கல்வெட்டில்லாக் கட்டடம்: பேகம்பூர் மசூதியின் காலம் காணல்

தலைநகரில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்குக் குதுப் மினாரும் செங்கோட்டையும் நன்கு பழகியவை. ஊரிலிருந்து வரும் உறவினரை அழைத்துச் சென்று காட்டும் இடங்கள் அவை. ஆனால் தென் தில்லியின் குடியிருப்புகளுக்கு நடுவே பெயர்ப் பலகையைத் தாண்டி யாரும் நின்று நோக்காத இடிபாடுகள் பல உண்டு. அவற்றுள் பெரியது, மாளவியா நகரை அடுத்த பேகம்பூர் என்னும் சிற்றூரின் மசூதி. ஒவ்வொரு பக்கமும் ஏறத்தாழ 90 மீட்டர் நீளமுடையது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை ஊர் மக்கள் அதன் சுவர்களுக்குள்ளேயே வீடு கட்டி வாழ்ந்திருந்தனர். இத்துணைப் பெரிய கட்டடத்தில், கட்டியவர் பெயரையோ ஆண்டையோ கூறும் கல்வெட்டு ஒன்றும் இல்லை. கல்வெட்டு இல்லாதபோது கல்லும் கட்டுமானமும் செதுக்கு வேலையுமே சாட்சிகளாகின்றன. அவற்றை ஒவ்வொன்றாக விசாரிப்போம்.

முதற்சாட்சி கல். பேகம்பூரின் சுவர்களில் காரை உதிர்ந்த இடங்களில் சாம்பல் நிறக் கற்கள், பெரிதும் சிறிதுமாக, ஒழுங்கற்ற வடிவில் தெரிகின்றன. இது தில்லியின் ரிட்ஜ் எனப்படும் ஆரவல்லி மலைத்தொடரின் வால் பகுதியில் கிடைக்கும் குவார்ட்ஸைட் கல். மிகக் கடினமானது, உளிக்கு எளிதில் இணங்காது. ஆகவே இதில் நுண்ணிய சிற்ப வேலை செய்ய முயல்வோர் அரியர். உடைத்த கற்களைச் சுண்ணாம்புச் சாந்தில் பொதிந்து தடித்த சுவராக எழுப்பி, மேலே காரை பூசி மெழுகிவிடுவர். செதுக்குவதற்கு உகந்த செம்மணற்கல்லும் பளிங்கும் வெளியிலிருந்து வண்டியேற்றிக் கொண்டுவர வேண்டியவை, செலவு மிகுந்தவை. 1311-இல் அலாவுதீன் கில்ஜி எழுப்பிய அலாய் தர்வாசாவில் அவ்விரண்டையும் காணலாம்.

ஆனால் கல் ஒன்றை மட்டும் நம்பி ஆண்டு கூற இயலாது. துக்ளக் மரபினர் சாம்பற்கல்லைப் பெரிதும் கையாண்டனர் என்பது உண்மை. எனினும் பின்வந்த லோடியரும் சுவரின் உட்புறத்தை அதே கல்லால் நிரப்பினர். அதற்கு முந்தியோரும் அதனைப் பயன்படுத்தினர். எனவே இச்சாட்சி, கட்டியவர் உள்ளூர்க் கல்லைக் கொண்டு விரைந்து பெரிதாகக் கட்ட விரும்பினார் என்பதோடு நின்றுவிடுகிறது.

இரண்டாம் சாட்சி கட்டுமானம். இதில் முதலில் நோக்க வேண்டியது வளைவு. குதுப் வளாகத்தில் 1199-இல் எழுந்த உயர்ந்த வளைவுத் திரையின் அருகே சென்று கற்களின் இணைப்புகளைப் பாருங்கள். அவை யாவும் படுக்கையாகவே செல்கின்றன. ஒவ்வொரு வரிசையையும் கீழ்வரிசையினும் சற்று உள்நோக்கி நீட்டி, இரு பக்கமும் உச்சியில் கூடும்படி அடுக்கியிருக்கிறார்கள். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் உட்கூட்டைக் கண்டோர்க்கு இம்முறை புதிதன்று. நம் அறிஞர்கள் கதலிகாகரணம் என்று கூறுவது இதுவே. வடிவம் வளைவு, முறை நம் நாட்டுத் தச்சர் முறை. உண்மையான வளைவில் கற்கள் ஆப்பு வடிவில் அமைந்து, இணைப்புகள் ஒரு மையத்தை நோக்கிக் கதிர்களைப் போல் சாய்ந்திருக்கும். தில்லியில் இதற்குக் கிடைக்கும் முதற் சான்றாகக் கருதப்படுவது, 1287-இல் மறைந்த பால்பனுடையது எனப்படும் கல்லறை. பேகம்பூரில் உள்ளவை இவ்வகை வளைவுகளே. ஆகவே காலம் அதற்குப் பிற்பட்டது.

அடுத்து, முகப்பின் சாய்வு. மேற்கே தொழுகைக் கூடத்தின் நடுவில் உயர்ந்த முகப்பு ஒன்று நிற்கிறது. அதன் இருபுறமும் உள்ள தூண் போன்ற கோபுரங்கள் அடியில் பருத்து, மேலே செல்லச் செல்ல ஒடுங்குகின்றன. துக்ளக் காலக் கட்டடங்களின் அடையாளம் என இதனைக் கூறுவர். 1325-இல் மறைந்த கியாசுதீனின் கல்லறையிலும் சுவர்கள் இவ்வாறே உட்சாய்ந்துள்ளன. ஆயினும் இங்கும் விழிப்பு வேண்டும். லோடி பூங்காவில் 1494-ஆம் ஆண்டுக் கல்வெட்டுடைய படா கும்பத் மசூதியின் பின்மூலைகளிலும் ஒடுங்கும் கோபுரங்கள் உண்டு. ஆனால் அருகிலுள்ள படா கும்பத்தின் சுவர்கள் செங்குத்தானவை. செதுக்கிப் பதித்த கற்களால் ஆனவை. இரண்டு மூன்று மாடிகள் இருப்பதுபோல் மாடங்களால் பிரிக்கப்பட்டவை. பேகம்பூரில் இவை காணப்படவில்லை. சாய்வு, காரை, எளிமை ஆகிய மூன்றும் ஒன்றுகூடுவதால் துக்ளக் காலம் (1320–1414) என்பது உறுதிப்படுகிறது.

மூன்றாம் சாட்சி செதுக்கு வேலை. இச்சாட்சியை மிக்க எச்சரிக்கையோடு கேட்க வேண்டும். குதுப் வளாக மசூதியின் தூண்களில் மணியும் சங்கிலியும் பூரண கும்பமும் காண்கிறோம். அத்தூண்கள் 27 கோயில்களிலிருந்து எடுக்கப்பட்டவை என்று அங்குள்ள கல்வெட்டே கூறுகிறது. எனவே அச்சித்திரங்கள் தூணின் வயதைச் சொல்லுமேயன்றிக் கட்டடத்தின் வயதைச் சொல்லா. அலாய் தர்வாசாவின் வளைவு விளிம்பில் தொங்கும் தாமரை மொட்டு வரிசையோ அக்கட்டடத்திற்கென்றே செதுக்கப்பட்டது. அது நம்பத்தக்க சாட்சி. பேகம்பூரின் சுவர்களிலும் வளைவுகளிலும் அத்தகைய மொட்டு வரிசை இல்லை. செதுக்கு வேலையே மிகக் குறைவு. இவ்வெறுமையும் துக்ளக் காலத்தோடு பொருந்துகிறது.

இனி வருவதே கடினமான கேள்வி. எந்தத் துக்ளக்? நெடுங்காலமாக இதனை ஃபிரோஸ் ஷாவின் அமைச்சரான கான் ஜஹான் ஜூனான் ஷா கட்டியது என்றே எழுதிவந்தனர். அவர் மசூதிகள் பல கட்டியவர். நிஜாமுதீன் பகுதியின் காலி மசூதியும் (1370–71) துருக்மான் வாயிலருகே உள்ள கலான் மசூதியும் (1387) கல்வெட்டோடு அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றன. பேகம்பூரிலும் அதே கல்லும் அதே காரையும் இருப்பதால் அதே கையின் வேலை என்று கொண்டனர்.

1983-இல் அந்தோணி வெல்ச், ஹோவர்ட் கிரேன் என்னும் இரு ஆய்வாளர் இதனை மறுத்தனர். அமைப்பையும் இருப்பிடத்தையும் நோக்கினால் அவர் கருத்தின் வலிமை விளங்கும். பேகம்பூரில் பரந்த திறந்த முற்றம்; மேற்கே பெருமுகப்பு; ஏனைய மூன்று பக்கங்களிலும் நடுவில் வாயில்கள். ஜூனான் ஷாவினுடையதாகவே கருதப்படும் கிர்க்கி மசூதியில் முற்றத்தின் பெரும்பகுதி கூரையால் மூடப்பட்டு, நான்கு சிறு முற்றங்களே திறந்துள்ளன. ஒரு குடியிருப்பிற்கு அது போதும். பேகம்பூரோ ஒரு தலைநகரமே திரண்டு தொழுவதற்கான அளவினது. மேலும், சிறிது தொலைவிலேயே பிஜய் மண்டல் என்னும் இடிபாடு உள்ளது. முகமது பின் துக்ளக் (1325–1351) நிறுவிய ஜஹான்பனா நகரின் அரண்மனைப் பகுதி அது. அரண்மனைக்கு அருகே நகரின் பெரிய மசூதி இருப்பது இயல்பு. ஃபிரோஸ் ஷாவோ தன் தலைநகரை வடக்கே யமுனைக் கரைக்கு மாற்றியவர். கைவிடப்பட்டுவந்த பழைய நகரின் நடுவில் இத்துணைப் பெரிய மசூதி எழுப்பக் காரணம் வேண்டுமே?

எனினும் இது முடிந்த வழக்கன்று. கல்வெட்டு கிடைக்காதவரை இது வலிய ஊகமே. பழைய கருத்தைக் கைவிடாதவரும் உளர். கல்லும் வளைவும் செதுக்கு வேலையும் நம்மை ஒரு நூற்றாண்டின் வாயில் வரை கொண்டு சேர்க்கின்றன. அந்நூற்றாண்டிற்குள் எந்த மன்னர் என்பதற்குக் கட்டடத்தின் அமைப்பையும் அதன் அண்டைச் சூழலையும் கேட்க வேண்டியிருக்கிறது. 1351-க்கு முன்னோ பின்னோ என்னும் இச்சிறு வேறுபாட்டில் ஒரு நகரத்தின் கதையே அடங்கியுள்ளது. முன்னது எனில் பேகம்பூர், ஜஹான்பனா என்னும் மறைந்த தலைநகரின் இதயம். பின்னது எனில், அமைச்சரொருவர் கட்டிய மசூதிகளுள் மற்றுமொன்று.