இ20 பெட்ரோல் போட்டது உங்க பைக்குக்கு எப்படித் தெரியும்? சைலன்சர் பைப்பில் இருக்கும் குட்டி சென்சாரின் கதை!

பெட்ரோல் பங்க்கில் இப்போது நீங்கள் நிரப்புவது பெரும்பாலும் இ20. அதாவது, 100 மில்லி பெட்ரோலில் 20 மில்லி எத்தனால். ஆனால் 2020, 2021-ல் வாங்கிய பைக்கின் கம்ப்யூட்டரில் எழுதப்பட்டிருக்கும் கணக்கு 10 சதவிகித எத்தனாலை மனதில் வைத்துப் போட்டது. பங்க்கில் யாரும் உங்க பைக்கிடம் 'எரிபொருள் மாறிடுச்சு' என்று சொல்வதில்லை. பிறகு எப்படி அது தடுமாறாமல் ஓடுகிறது?

பதில், இன்ஜினுக்குக் கொஞ்சம் கீழே, எக்ஸாஸ்ட் பைப்பில் ஸ்பார்க் பிளக் மாதிரி திருகப்பட்டு, ஒரு வயரோடு நிற்கும் ஆக்ஸிஜன் சென்சாரில் இருக்கிறது. ஸ்ரீபெரும்புதூர் - ஒரகடம் பக்கம் இதை நன்றாகவே அறிவார்கள். ராயல் என்ஃபீல்டின் ஒரகடம், வல்லம் வடகால் தொழிற்சாலைகள் இங்கேதான் இருக்கின்றன. 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்-6 கட்டாயமானபோது, அதற்குச் சில மாதங்கள் முன்பே கிளாசிக் 350 கார்புரேட்டரைக் கைவிட்டு ஃபியூயல் இன்ஜெக்‌ஷனுக்கு மாறியது. அந்த மாற்றத்தின் 'கண்' இந்த சென்சார்தான்.

14.7 என்ற எண்

ஒரு கிராம் சுத்தமான பெட்ரோல் மிச்சமில்லாமல் எரிய சுமார் 14.7 கிராம் காற்று வேண்டும். பெட்ரோல் இதைவிட அதிகமானால் மெக்கானிக்குகள் 'ரிச்' என்பார்கள். காற்று அதிகமானால் 'லீன்'. ரிச் என்றால் மைலேஜ் போகும், புகை வரும், பிளக் கறுக்கும். லீன் என்றால் பிக்கப் விட்டுவிட்டு வரும், இன்ஜின் சூடேறும்.

எத்தனாலுக்குள்ளேயே ஆக்ஸிஜன் இருப்பதால் அதற்குக் காற்று குறைவாகப் போதும். ஒரு கிராம் எத்தனாலுக்கு 9 கிராம்தான். அதனால் 10 சதவிகித எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு இந்த விகிதம் சுமார் 14.1 ஆகவும், இ20-க்கு சுமார் 13.5 ஆகவும் இறங்கிவிடும். இதையே திருப்பிச் சொன்னால், அதே அளவு காற்றுக்கு இ20 கொஞ்சம் கூடுதலாக வேண்டும்.

மூக்கு மாதிரி ஒரு பேட்டரி

சென்சாரின் முனையில் ஜிர்கோனியா என்ற பீங்கானால் ஆன சின்ன விரலுறை இருக்கிறது. அதன் வெளிப்பக்கத்தைப் புகை தொடும். உள்பக்கத்தில் சாதாரண வெளிக்காற்று. இரண்டு பக்கமும் மெல்லிய பிளாட்டினப் பூச்சு. 300 டிகிரிக்கு மேல் சூடானதும் இந்தப் பீங்கான் வழியே ஆக்ஸிஜன் அயனிகள் நகர ஆரம்பிக்கும். உள்ளே ஆக்ஸிஜன் நிறைய, வெளியே குறைவு என்றால் அந்த வித்தியாசமே மின்னழுத்தமாக மாறும்.

புகையில் ஆக்ஸிஜன் ஏறக்குறைய இல்லை, அதாவது கலவை ரிச் என்றால் சுமார் 0.8 - 0.9 வோல்ட். ஆக்ஸிஜன் மிச்சம் இருக்கிறது, அதாவது லீன் என்றால் சுமார் 0.1 வோல்ட். சரியான கலவையைத் தாண்டும் இடத்தில், 0.45 வோல்ட்டை ஒட்டி, இந்த மாற்றம் படி இறங்குவது போல சட்டென்று நடக்கும். அதனால் இந்த வகை சென்சாருக்கு 'ரிச்சா, லீனா?' என்று மட்டும்தான் நன்றாகச் சொல்லத் தெரியும். 'எவ்வளவு?' என்று கேட்டால் தெரியாது.

போஷ் நிறுவனம் 1976-ல் இதை உற்பத்திக்குக் கொண்டுவந்தது. முதலில் பொருத்தப்பட்டது வால்வோ கார்களில். அடிப்படை இன்றுவரை மாறவில்லை. பைப் சூடாகும்வரை காத்திருக்காமல் சீக்கிரம் வேலையைத் தொடங்க, பின்னால் உள்ளே ஒரு ஹீட்டரைச் சேர்த்தார்கள்.

வண்டலூர் - வாலாஜாபாத் சாலையில் ஒரு கணக்கு

ஒரு 350 சிசி ஒற்றை சிலிண்டர் பைக்கில், ஒரகடம் வழியே அந்தச் சாலையில் 60 கி.மீ வேகத்தில் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். இன்ஜின் நிமிடத்துக்கு 3,000 சுற்று. நான்கு ஸ்ட்ரோக் என்பதால் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் காற்றை உள்ளிழுக்கும். அதாவது விநாடிக்கு 25 முறை. த்ராட்டில் பாதிதான் திறந்திருக்கிறது, எனவே ஒவ்வொரு முறையும் சுமார் 200 மில்லிகிராம் காற்று என்று எடுத்துக்கொள்வோம்.

கம்ப்யூட்டரின் பழைய கணக்குப்படி இதற்கு 200-ஐ 14.1-ஆல் வகுத்தால், 14.2 மில்லிகிராம் எரிபொருள். அந்த அளவுக்கு இன்ஜெக்டரைத் திறந்து மூடும். ஆனால் டேங்கில் இருப்பது இ20. அதற்குத் தேவை 200-ஐ 13.5-ஆல் வகுத்தால் வரும் 14.8. ஆக, கலவை சுமார் 4 சதவிகிதம் லீன்.

சென்சார் 0.1 வோல்ட் காட்டும். கம்ப்யூட்டர் அடுத்தடுத்த இன்ஜெக்‌ஷன்களில் கொஞ்சம் கொஞ்சமாக பெட்ரோலைக் கூட்டும். கூட்டிக்கொண்டே போய் 14.8-ஐத் தாண்டியதும் சென்சார் 0.8-க்குத் தாவும். 'ஓ, அதிகமாயிடுச்சு' என்று குறைக்கும். மறுபடி 0.1. மறுபடி கூட்டும். நேர்க்கோட்டில் நிற்காமல், கம்பி மேல் நடப்பவர் மாதிரி இரண்டு பக்கமும் லேசாகச் சாய்ந்து சாய்ந்தே அது சமநிலையில் இருக்கிறது.

இந்த ஆட்டம் வேண்டுமென்றே வைத்ததுதான். அடுத்து வரும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர், கார்பன் மோனாக்சைடை எரிக்க ஆக்ஸிஜன் கேட்கும். நைட்ரஜன் ஆக்சைடை உடைக்கவோ ஆக்ஸிஜன் இல்லாத புகை வேண்டும். லீன் பக்கம் போகும்போது கொஞ்சம் ஆக்ஸிஜனைச் சேமித்து, ரிச் பக்கம் வரும்போது செலவு செய்து, இரண்டு வேலையையும் முடித்துக்கொள்ளும். ஒரு கிலோமீட்டருக்கு 60 மில்லிகிராமுக்கு மேல் நைட்ரஜன் ஆக்சைடு கூடாது என்ற பி.எஸ்-6 வரம்புக்குள் பைக் நிற்பது இப்படித்தான்.

இதே திருத்தம் தொடர்ந்து தேவைப்பட்டால், 'இந்த வண்டிக்கு எப்பவுமே 4 சதவிகிதம் சேர்த்துக் கொடு' என்று கம்ப்யூட்டர் நினைவில் எழுதிக்கொள்ளும். இதை 'லாங் டேர்ம் ஃபியூயல் ட்ரிம்' என்பார்கள். உங்க பைக்குக்கு எத்தனால் என்ற சொல்லே தெரியாது. அது கற்றுக்கொண்டது அந்த 4 என்ற எண்ணை மட்டும்தான்.

அப்போ மைலேஜ்? மேலே சொன்ன கணக்கில் முன்பு லிட்டருக்கு 35 கி.மீ வரும். இப்போது 33, 34-க்குள். இது சென்சாரின் குற்றம் இல்லை. எத்தனாலில் ஆற்றல் குறைவு, அதற்கு ஈடாகக் கூடுதலாக ஊற்ற வேண்டியிருக்கிறது. 10 சதவிகித எத்தனாலுக்கு ட்யூன் செய்த இருசக்கர வாகனங்களில் 3 - 4 சதவிகிதம் மைலேஜ் குறையலாம் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையும் சொன்னது. ஆகவே 35 கொடுத்த வண்டி 27-க்கு இறங்கினால், பழியை இ20 மேல் போட்டுவிட்டு சும்மா இருக்காதீர்கள். வேறு ஏதோ கோளாறு.

கார்புரேட்டர் பைக்குக்கு இந்த வசதி கிடையாது. அதன் ஜெட் துளை எந்த எரிபொருள் வந்தாலும் ஒரே மாதிரிதான் விடும். லீன் ஆனது ஆனதுதான், கையால் ட்யூன் செய்யும்வரை. இன்னொன்று, ரப்பர் ஹோஸும் சீலும் எத்தனாலைத் தாங்குமா என்பது தனி விஷயம். அதை எந்த சென்சாரும் சரிசெய்யாது.

சென்சார் எப்போது ஏமாறும்?

இது பெட்ரோலைப் பார்ப்பதில்லை, ஆக்ஸிஜனை மட்டும்தான் பார்க்கிறது. எல்லாச் சிக்கலும் இங்கிருந்துதான் வருகிறது.

சத்தத்துக்காக சைலன்சரை மாற்றுகிறீர்கள். ஹெட் பக்கம் கேஸ்கெட் சரியாக உட்காரவில்லை. புகை வெளியே போவது மட்டுமல்ல, ஒவ்வொரு துடிப்புக்கும் இடையில் அந்த இடுக்கு வழியே வெளிக்காற்று உள்ளே இழுக்கப்படும். சென்சாருக்கு அது 'லீன்'. கம்ப்யூட்டர் கூட்டிக்கொண்டே போகும். உண்மையில் கலவை ரிச். மோசம் என்னவென்றால், முழு த்ராட்டிலில் போகும்போது கம்ப்யூட்டர் சென்சாரைக் கேட்காது, நினைவில் எழுதிய ட்ரிம்மை வைத்தே ஓட்டும். அந்தத் தப்பான எண் அங்கேயும் கூடவே வரும்.

பிளக் பழசாகி அவ்வப்போது தீப்பொறி தவறினாலும் இதே கதை. எரியாத பெட்ரோலோடு பயன்படுத்தாத ஆக்ஸிஜனும் வெளியே வரும். சென்சார் ஆக்ஸிஜனைப் பார்த்து 'லீன்' என்கும். ஏற்கெனவே வீணாகும் பெட்ரோல் இன்னும் கூடும்.

மூன்றாவது, விஷம். கண்ட சிலிக்கோன் பேஸ்ட்டை கேஸ்கெட்டில் தடவினால், அதன் ஆவி பிளாட்டினத்தின் மேல் வெள்ளையாகப் படிந்து மூக்கை அடைத்துவிடும். பதில் தாமதமாகும், பிறகு நின்றே போகும். ஆயில் எரியும் இன்ஜினிலும் சாம்பல் படியும்.

மெக்கானிக்கிடம் என்ன கேட்கலாம்?

செக் இன்ஜின் லைட் எரிந்தால் உடனே சென்சாரை மாற்றச் சொல்லாதீர்கள். ஸ்கேனரில் என்ன கோட் என்று கேளுங்கள். P0135 என்றால் பெரும்பாலும் சென்சாரின் ஹீட்டர் அல்லது அதன் வயரிங். P0171 என்றால் 'லீனாக இருக்கிறது' என்று சென்சார் புகார் சொல்கிறது. அங்கே குற்றவாளி பைப் கசிவாகவோ, பெட்ரோல் பம்ப்பாகவோ, காற்று உறிஞ்சும் ரப்பராகவோ இருக்கலாம். புகார் சொன்னவரையே ஜெயிலில் போடக் கூடாது இல்லையா?

அடுத்து, இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு லைவ் டேட்டாவில் சென்சார் வோல்ட்டேஜைக் காட்டச் சொல்லுங்கள். 0.1-க்கும் 0.8-க்கும் இடையில் துள்ளிக்கொண்டே இருந்தால் அது உயிரோடு இருக்கிறது. ஒரே இடத்தில் ஒட்டிக்கொண்டு நின்றாலோ, சோம்பேறித்தனமாக ஏறி இறங்கினாலோ சந்தேகப்படலாம். கூடவே ஃபியூயல் ட்ரிம்மையும் பாருங்கள். பழைய பி.எஸ்-6 வண்டியில் நாலைந்து சதவிகிதம் பிளஸ்ஸில் இருந்தால் அது இ20-யின் கணக்கு. 15, 20 என்று நின்றால் முதலில் எக்ஸாஸ்ட் ஜாயின்ட்டைப் பாருங்கள். வண்டி குளிர்ச்சியாக இருக்கும்போது ஸ்டார்ட் செய்து, ஜாயின்ட்டில் 'டப் டப்' என்று காற்று அடிக்கிறதா, கரி படிந்த கோடு இருக்கிறதா என்று கவனித்தாலே பாதி விடை கிடைத்துவிடும். கேஸ்கெட் மாற்றும் செலவு, புது சென்சார் விலையில் சின்னப் பங்குதான்.