மிஸ்டு கால் மூலம் பெயர்ப்பதிவு

இணையமில்லாத சாதாரண கைப்பேசியிலும் பெயர் பதியலாம். இந்தியாவின் சத்தீஸ்கர் பழங்குடிக் கிராமங்களுக்காக 2010இல் தொடங்கிய ‘சிஜிநெட் ஸ்வரா’ குரல்வழிச் செய்திச் சேவையின் முறை இதற்கு வழிகாட்டுகிறது.

கிராமவாசி ஓர் எண்ணை அழைத்து, மணி ஒலித்ததும் துண்டிப்பார். கணினி திரும்ப அழைக்கும், அவருக்குச் செலவில்லை. 1ஐ அழுத்தினால் தம் செய்தியைப் பேசிப் பதியலாம்; 2ஐ அழுத்தினால் பிறர் பேசியதைக் கேட்கலாம். எழுதப் படிக்கத் தெரியாதவரும் பங்கேற்கலாம்.

பெயர்ப்பதிவுக்கு மிஸ்டு கால் மட்டும் போதாது. அதில் கிடைப்பது எண் ஒன்றே. ஒரே கைப்பேசியில் வீட்டில் நால்வர் அழைத்தாலும் கணக்கில் ஒருவராகவே தெரியும். எனவே திரும்ப அழைக்கும்போது ஒவ்வொருவரும் தம் பெயரையும் ஊரையும் சொல்ல வேண்டும். பதிவைக் கேட்பவருக்கு ஊர்ப்பெயர் தெளிவாகப் புரியாவிட்டால், பட்டியலில் சேர்க்குமுன் அதே எண்ணுக்கு அழைத்து உறுதிசெய்வது நல்லது.