ஓரத்தில் ஒரு பெயர்

பிறந்தநாளுக்கு ஒருவர் பெயரின் எழுத்துகளை வரிக்கு ஒன்றாக முதலில் நிறுத்தி எழுதும் பாட்டுக்கு ஆங்கிலம் வழியாக நமக்கு வந்த பெயர் ‘அக்ராஸ்டிக்’. அதன் வேர் கிரேக்கத்தில் இருக்கிறது. ‘அக்ரோஸ்’ என்றால் நுனி, விளிம்பு. ‘ஸ்டிகோஸ்’ என்றால் வரிசை. படைவீரர் அணியையும் பாட்டின் அடியையும் அச்சொல் குறித்தது. அடிகளின் விளிம்பில் நிற்பது என்பதே பொருள்.

ரோமானிய அறிஞர் சிசரோ இந்தக் கிரேக்கச் சொல்லை அப்படியே எடுத்து ஆண்டார். சிபில் என்னும் குறிசொல்லியின் பாடல்களில் முதலெழுத்துகள் கோவையாக அமைந்திருப்பதைக் காட்டி, இது அருள் வந்து பிதற்றியவரின் வேலையன்று, கவனமாக உட்கார்ந்து எழுதியவரின் வேலை என்று வாதிட்டார். முதலெழுத்துக் கட்டு உண்மையில் அத்தகைய கவனத்தைத்தான் கேட்கிறது. லூயிஸ் கரோல் தம் இரண்டாம் ஆலிஸ் கதையின் முடிவில் ஆலிஸ் பிளெசன்ஸ் லிடெல் என்ற சிறுமியின் முழுப்பெயரை 21 அடிகளில் வைத்தார். அந்தப் பாட்டு பேசுவதோ ஒரு ஜூலை மாலையில் போன படகுப் பயணத்தை. பெயரைக் கவனிக்காதவருக்கும் அது பாட்டாகவே நிற்கும்.

தமிழில் இதற்கு நெருங்கிய சொல் ‘கரந்துறைச் செய்யுள்’. கரத்தல் என்பது மறைத்தல். தண்டியலங்காரம் சொல்லும் மிறைக்கவிகளில் ஒன்று அது. ஒரு செய்யுளின் எழுத்துகளுக்குள் இன்னொரு செய்யுள் ஒளிந்திருக்கும். பெயர்ப்பாட்டுக்கு இன்னும் நெருக்கமான முன்னோடி, நாம் பள்ளியில் மனப்பாடம் செய்த ஆத்திசூடி. அங்கே ஓரத்தில் ஓடுவது ஆள்பெயரன்று, நெடுங்கணக்கு.

தமிழில் ட, ண, ர, ல, ழ, ள, ற, ன வரிசைகள் சொல்லுக்கு முதலில் வாரா. எழுதுபவர் திணறுவது இங்கேதான். ஔவையார் அந்த இடங்களில் அ, இ என்ற உயிர்களுள் ஒன்றை முன்னே நிறுத்தி, வேண்டிய எழுத்தை இரண்டாவதாக வைத்தார். ள வேண்டிய இடத்தில் ‘இளமை’ வந்தது. ழ வேண்டிய இடத்தில் ‘அழகு’ வந்தது. இரண்டாம் எழுத்து தமிழில் எதுகைக்கு உரிய இடம். நம் காது ஏற்கெனவே அங்கே கவனம் வைத்திருப்பதால், எழுத்து ஓரிடம் தள்ளி நின்றாலும் கண்டுகொள்கிறோம்.

அமுதவல்லி என்ற அத்தைக்கு 60ஆம் பிறந்தநாள் என்று வைத்துக்கொள்வோம். முதலில் ஒற்றை விட்டுவிடலாம். கட்டளைக் கலித்துறையில் எழுத்தெண்ணும்போதும் ஒற்றைக் கணக்கில் சேர்ப்பதில்லை. மிஞ்சுவன அ, மு, த, வ, லி. எழுத்தைப் பார்த்ததும் கை எழுதிவிடுவது ‘அன்பின் உருவமே, முத்தான முகமே, தங்க மனமே, வளமோடு வாழ்க’ என்பது. நன்னூல் சொல்லும் பத்துக் குற்றங்களில் ‘வெற்றெனத் தொடுத்தல்’ இதுவே. கண்டுபிடிக்க எளிய வழி உண்டு: அந்த அடியைப் பக்கத்து வீட்டு அத்தைக்கு வாசியுங்கள். பொருந்தினால் அது எழுத்துக்காக வந்த அடி.

அதனால் எழுத்தைத் தொடுமுன் அத்தையைப் பற்றிய செய்திகளை உரைநடையில் எழுதிக்கொள்ள வேண்டும், அடிகளின் எண்ணிக்கையைப்போல் இரண்டு மூன்று மடங்காவது. ‘யார் வந்தாலும் மோர் கொடுக்காமல் அனுப்பமாட்டார்’ என்பது ஒரு செய்தி. நமக்கு வேண்டியது வ. செய்தி ‘யா’வில் தொடங்குகிறது. தமிழ் வாக்கியத்தில் வினை கடைசியில் நின்றால் போதும், மற்றவை இடம் மாறும். ஆகவே செய்தியை விடாமல், அதற்குள் வ-வில் தொடங்கக்கூடிய சொல்லைத் தேட வேண்டும். ‘வந்தவர்’ கிடைக்கிறது. ‘வாசல்’ உதவாது. மோனைக்கு வ-வும் வா-வும் உறவு. பெயரில் வா வந்தால் வேறு பெயராகிவிடும்.

அடுப்பு மூட்டுமுன் வாசலில் கோலம் முடித்திருப்பீர்கள்;
முருங்கைக்கீரை ஆய்ந்தபடியே எனக்கு வாய்ப்பாடு கேட்பீர்கள்;
தலைப்பில் முடிந்த சில்லறைதான் என் பேருந்துக் காசு;
வந்தவர் யாரானாலும் மோர் குடிக்காமல் போனதில்லை;
ஒலிக்கும் உங்கள் தையல் மிஷின்தான் எங்கள் தாலாட்டு.

கடைசி அடிக்கு முதலில் ‘எலி’யும் ‘ஒலி’யும் தோன்றும். தையல் மிஷின் செய்திப் பட்டியலில் முன்பே இருந்ததால் ‘ஒலி’ இயல்பாக அமர்ந்தது. பட்டியலில் அப்படி எதுவும் இல்லாவிட்டால், லி-க்காக ஓசையைப் புனைவதைவிட வீட்டில் கூப்பிடும் ‘அமுதா’வுக்கு மாறிவிடலாம், அ, மு, தா என மூன்றே அடி.

ராதா, லதா போன்ற பெயர்களில் தொடக்கமே தடை. வடசொல்லின் ரகரத்துக்கு முன் அ, இ, உ மூன்றும், லகரத்துக்கு முன் இ, உ இரண்டும் வரலாம் என்று நன்னூல் இடம் தருகிறது. ‘ராத்திரி’ என்று அந்த வீட்டில் பேசுவார்களானால் அதையே முதலில் வைக்கலாம். பேச்சில் இல்லாத வடசொல்லை அகராதியில் தேடி எடுத்தால், அந்த அடி மட்டும் வேறு யாரோ எழுதியதுபோல் ஒலிக்கும்.