வேலையோடு சமுதாய மருத்துவத் தெரிவுப் பரீட்சை: சனி முதல் வெள்ளி வரை ஒரு மீட்டல் நேரசூசி

மருத்துவப் பட்டப்பின் படிப்பு நிறுவகம் நடத்தும் சமுதாய மருத்துவத் தெரிவுப் பரீட்சைக்கு வேலை செய்துகொண்டே படிக்கும் இளம் வைத்தியர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "ஒரு நாளைக்கு எத்தனை மணித்தியாலம் படித்தீர்கள்?" என்பதைத்தான். வன்னியில் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை ஒன்றில் வேலை செய்தபடி படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், நாள் கணக்கு இந்த வேலைக்குப் பொருந்தாது. செவ்வாய்க்கிழமை கிளினிக்கில் எண்பது தாய்மார் வந்தால் அன்றைய படிப்பு முடிந்தது. புதன்கிழமை கொஞ்சம் மூச்சு விடலாம். ஆகவே நான் கிழமையைத்தான் கணக்கெடுத்தேன். கிழமைக்கு எட்டு மணித்தியாலம், அதற்கு மேல் திட்டமிடுவதில்லை.

அந்தக் கிழமையை நான் சனிக்கிழமையில் தொடங்கினேன். எங்கள் தொற்றுநோய் அறிக்கைக் கிழமையும் அப்படித்தான், சனியில் தொடங்கி வெள்ளியில் முடியும். எச் 399 படிவத்தை அனுப்பும் தாளத்திலேயே படிப்பும் ஓடினால், "இந்தக் கிழமை எங்கே நிற்கிறேன்" என்று தனியாக நினைவில் வைக்கத் தேவையில்லை.

சனிக்கிழமை பின்னேரம் மூன்று மணி முதல் ஐந்தரை வரை புதிய தலைப்பு ஒன்று. ஒன்றே ஒன்று. ஞாயிறு காலை ஆறு முதல் எட்டு வரை அதே தலைப்பில் கணக்குகள். திங்கள், புதன், வியாழன் ஆகிய மூன்று நாளும் அதிகாலை நாலே முக்கால் முதல் ஐந்தே முக்கால் வரை ஒவ்வொரு மணித்தியாலம். வெள்ளி இரவு அரை மணித்தியாலம் கிழமையின் கணக்கெடுப்பு. செவ்வாய் முழுக்க வெறுமை. அது சோம்பலுக்காக விட்ட நாள் அல்ல. ஞாயிறு காலை செத்தவீடு வந்தால், திங்கள் அதிகாலை பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால், தவறிய வேலை போய் இருக்கும் இடம் அது. வெற்றிடம் இல்லாத நேரசூசி இரண்டாம் கிழமையே கிழிந்துபோகும். பிறகு ஆள் அதைத் திருத்துவதில்லை, கைவிட்டுவிடுவார்.

எந்த வேலையை எந்த நேரத்தில் வைப்பது என்பதுதான் மணித்தியாலக் கணக்கைவிட முக்கியம். கணக்குக்குத் தெளிந்த தலை வேண்டும், ஆகவே அது காலைக்குரியது. எழுதிப் பார்ப்பதற்கு மேசையும் கடிகாரமும் வேண்டும். வாசிப்புக்கு இரண்டும் வேண்டாம், பஸ்ஸில் போகும்போது செய்யலாம். வேலைக்குப் போய்வரும் நாற்பது நாற்பது நிமிடத்தை நான் எட்டு மணித்தியாலத்துக்குள் சேர்க்கவில்லை. அந்த நேரத்தில் தொற்றுநோயியல் பிரிவு வெளியிடும் வாராந்த அறிக்கையை மட்டும் வாசித்தேன். அதன் அட்டவணையில் மாவட்ட வாரியாக நோயாளர் எண்ணிக்கைக்குப் பக்கத்தில், அறிக்கைகள் நேரத்துக்கு வந்தனவா, முழுமையாக வந்தனவா என்று காட்டும் இரண்டு நிரல்கள் இருக்கும். பலர் அவற்றைப் பார்ப்பதே இல்லை. ஒரு மாவட்டத்தில் டெங்கு திடீரெனக் குறைந்திருந்தால், குறைந்தது நுளம்பா அறிக்கையா என்று முதலில் அங்கேதான் பார்க்க வேண்டும். கண்காணிப்பு முறைமை பற்றிய வினாவுக்கு இதைவிட நல்ல பயிற்சி எனக்குக் கிடைக்கவில்லை.

இனி ஒரு கிழமையை முழுதாகச் சொல்கிறேன். தலைப்பு, நோயறி சலிப்புப் பரிசோதனை. ஆங்கிலத்தில் ஸ்கிரீனிங் என்போம்.

சனிக்கிழமை பாடநூலில் அந்த அத்தியாயத்தை வாசித்து ஒரு பக்கக் குறிப்பு எழுதினேன். ஞாயிறு காலை ஒரு கணக்கு. ஆயிரம் பேரைச் சலிக்கிறோம், அவர்களில் 10 சதவீதம் பேருக்கு உண்மையில் நீரிழிவு உண்டு. பரிசோதனையின் சென்சிற்றிவிற்றி 80 சதவீதம், அதாவது நோய் உள்ள நூறு பேரில் எண்பது பேரைப் பிடிக்கும். ஸ்பெசிபிசிற்றி 90 சதவீதம், அதாவது நோய் இல்லாத நூறு பேரில் தொண்ணூறு பேரைச் சரியாக விட்டுவிடும். நோயுள்ள 100 பேரில் 80 பேர் பிடிபடுவர். நோயில்லாத 900 பேரில் 90 பேர் தவறாகப் பிடிபடுவர். பிடிபட்டவர் மொத்தம் 170. அவர்களில் உண்மையான நோயாளர் 80 பேர், 47 சதவீதம். இப்போது அதே பரிசோதனையை 2 சதவீதம் பேருக்கே நோய் உள்ள இளவயதினரிடம் செய்யுங்கள். நோயுள்ள 20 பேரில் 16 பேர் பிடிபடுவர், நோயில்லாத 980 பேரில் 98 பேர் தவறாகப் பிடிபடுவர். 114 பேரில் 16, வெறும் 14 சதவீதம். பரிசோதனை மாறவில்லை, ஆட்கள்தான் மாறினார்கள். ஆரோக்கிய வாழ்க்கை நிலையத்துக்கு இளைஞர்களை விட்டு வயது கூடியவர்களை ஏன் குறிப்பாக அழைக்கிறோம் என்பதற்கான கணக்கு இது.

திங்கள் அதிகாலை புத்தகம் திறப்பதில்லை. வெள்ளைத் தாள் ஒன்றில் அதே நான்கு கட்ட அட்டவணையை நினைவிலிருந்து வரைந்து, எண்களை மாற்றிப் போட்டுப் பார்ப்பது. இங்கேதான் விளங்கியதும் விளங்கியதாக நினைத்ததும் பிரியும். பெரும்பாலும் சறுக்குவது ஓரிடத்தில்: சென்சிற்றிவிற்றிக்குப் பகுதியில் நோயுள்ளவர்களைப் போடாமல், பிடிபட்டவர்களைப் போடுவது. மேலே சொன்ன கணக்கில் 80ஐ 100ஆல் பிரிக்காமல் 170ஆல் பிரித்தால் 47 சதவீதம் வரும். அது வேறொரு கேள்விக்கான சரியான விடை என்பதால் பார்வைக்குப் பிழை தெரியாது. பரிசோதனையின் தன்மை, ஆட்களை மாற்றியதும் மாறினால் ஏதோ பிசகியிருக்கிறது என்று பிடித்துக்கொள்ளலாம்.

புதன்கிழமை பழைய தலைப்புக்குரியது. போன கிழமையின் தலைப்புக்கு அரை மணித்தியாலம், நாலு கிழமைக்கு முந்தியதற்கு அரை மணித்தியாலம், இரண்டுக்கும் வெள்ளைத் தாள்தான். மறுநாளோ மறுநாளைக்கு அடுத்த நாளோ ஒருமுறை, ஒரு கிழமையில் ஒருமுறை, ஒரு மாதத்தில் ஒருமுறை என்று மூன்று முறை திரும்பினால் பெரும்பாலானவை தங்கிவிடும். மறக்கத் தொடங்கும் நேரத்தில் இழுத்தெடுப்பதுதான் நினைவைப் பலப்படுத்துகிறது. நேற்று வாசித்ததை இன்று மறுபடி வாசிப்பது சுகமாக இருக்கும், பலன் குறைவு.

வியாழன் விடை எழுதும் நாள். பரீட்சை ஆங்கிலத்தில். இடம்பெயர்ந்த பள்ளிக்கூடங்களில் தமிழ்மூலம் உயர்தரம் வரை படித்த எங்களில் பலருக்கு மருத்துவபீடத்தில் ஆங்கிலம் வாசிக்க வந்தது, எழுத வரவில்லை. இருபது நிமிடத்துக்கு ஒரு விடை, கடிகாரம் வைத்து, இரண்டு விடை. மிச்ச நேரத்தில் சிவப்புப் பேனாவால் நானே திருத்துவேன். நீளமான வசனத்தை இரண்டாக வெட்டுவதே முக்கால்வாசித் திருத்தம்.

அந்த வியாழன்களில் நான் அடிக்கடி எழுதியது எங்கள் பிரதேசத்துக்கே உரிய ஒரு விடயம், அதாவது பகுதி எண். ஒரு சுகாதார வைத்திய அதிகாரி பிரிவில் வருடத்துக்கு 400 உயிர்ப்பிறப்புகள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு தாய் இறந்தால் தாய்மரண வீதம் ஒரு இலட்சம் உயிர்ப்பிறப்புக்கு 250. அடுத்த வருடம் யாரும் இறக்காவிட்டால் பூச்சியம். 250இலிருந்து பூச்சியத்துக்கு வந்தது முன்னேற்றமா? மூன்று வருடங்களைச் சேர்த்து 1200 பிறப்புக்கு ஒரு மரணம் என்று பார்த்தால் 83. சிறிய இடத்தில் ஒற்றை வருட வீதம் எதையும் சொல்லாது. ஆனால் அந்த ஒரு மரணத்தை விசாரித்தால் நிறையத் தெரியவரும்.

இன்னொன்று. 2001 குடிசன மதிப்பீடு வடக்கு கிழக்கின் பெரும்பகுதியில் முழுமையாக நடக்கவில்லை. 1981க்குப் பிறகு நாடு முழுவதையும் எண்ணியது 2012இல்தான். மெனிக்பாம் முகாம் மூடப்பட்டதும் அதே வருடம் செப்ரெம்பரில்தான். மக்கள் மாதத்துக்கு மாதம் திரும்பி வந்துகொண்டிருந்த ஊரில் 300 குழந்தைகள் என்று மதிப்பிட்டிருக்க, 336 குழந்தைகளுக்கு மூன்றாம் தடுப்பூசி போட்டால் 112 சதவீதம் வரும். நூறைத் தாண்டிய வீதத்தைக் கண்டதும் ஊசிக் கணக்கைச் சந்தேகிக்க வேண்டாம், முதலில் குழந்தைகளின் எண்ணிக்கையைச் சந்தேகியுங்கள். குடும்பநல உத்தியோகத்தரின் தகுதியான குடும்பப் பதிவேட்டோடு ஒப்பிட்டால் விட்டுப்போன வீடுகள் தெரியும். இதைப் புத்தகத்தில் ஒரு வசனமாக வாசிப்பவர்களோடு போட்டியிடும்போது, பதிவேட்டைப் புரட்டிப் பார்த்த எங்களுக்கு ஒரு கை கூடத்தான். அதை ஆங்கிலத்தில் ஐந்து வரியில் எழுதத் தெரியவேண்டும், அவ்வளவுதான்.

வெள்ளி இரவு ஒரு கொப்பி. தலைப்பு, மூன்று முறை திரும்பிய திகதிகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு அடையாளம். முழுதாக வந்தால் சரி, அட்டவணை வந்து விளக்கம் வராவிட்டால் அரை, வராவிட்டால் பிழை. இரண்டு முறை தொடர்ந்து பிழை விழுந்த தலைப்பு அடுத்த சனிக்குப் போகும், புதிய தலைப்பு காத்திருக்கும். தொடர்ந்து மூன்று கிழமை எல்லாமே சரி என்று விழுந்தால் நான் சந்தேகப்படுவேன். கேள்விகள் இலகுவாகிவிட்டன என்று அர்த்தம், கடந்தகால வினாத்தாளுக்குப் போகவேண்டும்.

இந்த ஒழுங்கு ஒக்டோபருக்குப் பிறகு ஓடாது. மாரி தொடங்கி டெங்கு ஏறும், வயலில் எலிக்காய்ச்சல் வரும், தை வரை பணிமனையில் ஆளுக்கு ஓய்வில்லை. அந்த மாதங்களுக்கு நான் வேறொரு நேரசூசி வைத்திருந்தேன். ஞாயிறு ஒரு மணித்தியாலம், திங்கள் வெள்ளைத் தாள், வியாழன் விடை, மொத்தம் மூன்று. புதிய தலைப்பு இல்லை, பழையதைக் காய விடாமல் வைத்திருப்பது மட்டும். பரீட்சைத் திகதி மாரியை ஒட்டி வந்தால் புதிய தலைப்புகளை ஆவணிக்குள் முடித்துவிடுங்கள்.

மாவட்ட வைத்தியசாலையில் இரவுக் கடமை பார்க்கும் ஒரு தங்கச்சி இதை எடுத்துத் தனக்கேற்ப மாற்றினார். அவருக்குக் கடமைப் பட்டியல் கிழமைக்குக் கிழமை மாறும், நாலே முக்காலுக்கு எழும்புவது நடக்காது. அவர் கிழமை நாட்களை எடுத்துவிட்டு, "புதியது, கணக்கு, தாள், பழையது, விடை" என்று ஐந்து துண்டுகளை வரிசையாக எழுதி வைத்தார். கடமை முடிந்து நித்திரை கொண்டு எழும்பியதும் அடுத்த துண்டு. ஏழு நாளில் முடியாவிட்டால் ஒன்பது நாள். வரிசை மட்டும் குழம்பக்கூடாது, கணக்குக்கும் வெள்ளைத் தாளுக்கும் நடுவில் ஒரு நித்திரையாவது இருக்கவேண்டும். இரவுக் கடமை முடிந்த காலையில் கணக்குச் செய்யவேண்டாம் என்று மட்டும் நான் சொன்னேன். அந்த நேரத்துக்கு வாராந்த அறிக்கை போதும்.